ரூட் 2-ஐ வாயாலேயே நிரூபிப்பது எப்படி?

*"கணித மன்றத்துல ரூட் 2 ஒரு விகிதமுறா எண்ணுன்னு போர்டு இல்லாம வாயாலேயே நிரூபிக்கணும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியுற மாதிரி எப்படிச் சொல்றது?"*

முதல் வேலையாக p, q இரண்டையும் விட்டுவிடுங்கள். போர்டு இல்லாமல் "பி ஸ்கொயர், டூ க்யூ ஸ்கொயர்" என்று போனால் மூன்றாவது வரியில் எது எதுவென்று யாருக்கும் நினைவிருக்காது. நான் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது மேல் எண், கீழ் எண் என்றுதான். மலையாளத்திலும் மேல், கீழ் அதேதான், அதனால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் வந்து உட்காரலாம்.

தொடங்கியதும் ஒரு பையன் ரூட் 2 என்றால் 99/70 என்றான். நல்ல முயற்சி. 99-இன் வர்க்கம் 9801, 70-இன் வர்க்கத்தில் இரண்டு மடங்கு 9800, ஒன்றுதான் கூடுதல். இன்னும் பெரிய எண்ணாக எடுத்தால் அந்த ஒன்றும் போய்விடாதா என்று கேட்டான். அங்கிருந்தே ஆரம்பித்தேன்:

"சரி, போய்விட்டதாகவே வைத்துக்கொள்வோம். அந்தப் பின்னத்தை இனிச் சுருக்கவே முடியாதவரை சுருக்கிவிட்டோம், அதனால் மேல் எண், கீழ் எண் இரண்டும் ஒரே நேரத்தில் இரட்டைப்படையாக இருக்காது. இதை மறக்காதீர்கள், கடைசியில் கேட்பேன். மேல் எண்ணின் வர்க்கம் கீழ் வர்க்கத்தில் இரண்டு மடங்கு, அப்படியென்றால் அது இரட்டைப்படை. ஒற்றைப்படையை அதனாலேயே பெருக்கினால் ஒற்றைப்படைதான் வரும், ஆகவே மேல் எண்ணே இரட்டைப்படை. இரட்டைப்படையின் வர்க்கம் நாலால் வகுபடும். அதில் பாதிதான் கீழ் வர்க்கம், பாதியாக்கிய பிறகும் அது இரண்டால் வகுபடும். அப்போது கீழ் எண்ணும் இரட்டைப்படை. முதலில் என்ன சொன்னேன்?"

இங்கே நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். "ரெண்டும் இரட்டைப்படையா இருக்காதுன்னீங்க" என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக்கூடாது. சுருக்கிய பின்னம் என்பதை ஆரம்பத்தில் சொல்ல மறந்தால் இந்த இடத்தில் முரண்பாடே வராது, எனக்கு ஒருமுறை அப்படித்தான் அந்தரத்தில் நின்றது.

புரிந்ததா, மனப்பாடமா என்று பார்க்க, அதே பேச்சை ரூட் 4-க்குச் சொல்லச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை "மேல் வர்க்கம் நாலால் வகுபடுது, அதனால மேல் எண்ணும் நாலால் வகுபடும்" என்று தடையில்லாமல் போய், ரூட் 4-உம் விகிதமுறா எண் என்று முடிக்கும். 6-ஐக் கொடுங்கள். 36 நாலால் வகுபடும், 6 வகுபடாது. வர்க்கத்திலிருந்து எண்ணுக்கு இறங்கும் அந்தப் படி இரண்டுக்குச் சரி, நாலுக்குச் சரியில்லை.

அப்புறம் ரூட் 3-ஐக் கேட்பார்கள். அதற்கு ஒற்றை இரட்டை போதாது. மூன்றால் வகுபடாத எண்ணில் மீதி 1 அல்லது 2, வர்க்கப்படுத்தினால் இரண்டிலும் மீதி 1-தான், ஆகவே வர்க்கமும் வகுபடாது. இதை அந்த ஒற்றைப்படை வரியின் இடத்தில் வைத்து, இரட்டைப்படைக்குப் பதில் மூன்றால் வகுபடும் எண், இரண்டு மடங்குக்குப் பதில் மூன்று மடங்கு, நாலுக்குப் பதில் ஒன்பது, பாதிக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு என்று மாற்றினால் மீதிப் பேச்சு அதே வழியில் ஓடும்.