முதல் மழை அறிவிப்பில் ‘வழுக்காது’ என்று எழுதலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். முதல் பெருமழை பெய்ததும் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு அனுப்பலாம் என்றிருக்கிறேன். ‘வழுக்காது, சீக்கிரம் காயும்’ என்று போட்டால் போதுமா? எந்த நேரத்தில் அனுப்புவது?

பதில்: ‘வழுக்காது’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். எல்லா ஈரத் தரையிலும் வழுக்காத செருப்பு என்று ஒன்று கிடையாது. அதை நம்பி வாங்கியவர் பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டியடியில் விழுந்தால் உங்கள் கடையைத்தான் சொல்வார். தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றமே. எந்தத் தரையில், எதை விட நன்றாகப் பிடிக்கிறது என்று எழுதுங்கள். நம் ஊரில் அந்தத் தரை எது என்று யோசிக்கவே வேண்டாம். வீட்டுப் படி, கடை வாசல், கல்யாண மண்டபம் என்று எங்கும் மெருகேற்றிய கிரானைட்தான். மழைக்காலத்தில் அதில் கால் வைக்கவே பயப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

பிடிப்பும் காய்வதும் செருப்பின் வேறு வேறு பாகங்களின் வேலை. பிடிப்பு, செருப்பின் அடிப்பாகமான சோலைப் பொறுத்தது. காய்வது மேல்பாகத்தையும் கால் படும் உள்தளத்தையும் பொறுத்தது. மென்மையான ரப்பர் சோல் ஈரக் கல்லில் நன்றாகப் பிடிக்கும். கடினமான பி.வி.சி. சோல் அதே கல்லில் சறுக்கும். ஈ.வி.ஏ. செருப்பு தண்ணீரை உறிஞ்சாது, துடைத்தாலே போதும். ஆனால் அடிப்பக்கம் சீக்கிரம் தேய்ந்து மழமழப்பாகும், அப்புறம் பிடிப்பு போய்விடும். ரப்பர் சோலுக்கு மேலே துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த ஷூ நன்றாகப் பிடித்தாலும் மறுநாள் காலையில்கூடச் சொதசொதவென்று இருக்கலாம். ஆகவே எல்லா மாடலுக்கும் ஒரே வாசகம் பொருந்தாது. இரண்டிலும் தேறுகிற ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்து, அறிவிப்பை அதற்கு மட்டும் எழுதுங்கள். நான் தேர்ந்தெடுப்பதானால், ரப்பர் சோலும் தண்ணீர் உறிஞ்சாத வாரும் உள்ள திறந்த சாண்டலைத்தான் எடுப்பேன்.

தேறுகிறதா என்பதைக் கடையிலேயே பார்க்கலாம். மெருகேற்றிய கிரானைட் பலகை ஒன்றை எடுத்து நன்றாக நனையுங்கள். புதுச் செருப்பு ஒன்றையும், வாடிக்கையாளர் கழற்றிப் போட்டுப் போன தேய்ந்த செருப்பு ஒன்றையும் அதன் மேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். எது முதலில் சறுக்குகிறது, அப்போது முனை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறை செய்து பாருங்கள். புதுச் சோலில் அச்சின் மெழுகுப் பசை ஒட்டியிருந்தால் முடிவு மோசமாக வரும். அதனால் சொரசொரப்பான சிமெண்ட் தரையில் லேசாகத் தேய்த்துவிட்டு, பிறகு சோதியுங்கள். இது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான். மனிதர் நடக்கும்போது குதிகால் முதலில் பட்டுச் சறுக்குவதை இது காட்டாது. செம்மண் சேற்றுக்கும் இந்த முடிவு பொருந்தாது. அங்கே நெருக்கமான கோடுகளில் சேறு அடைத்துக்கொண்டால் நல்ல ரப்பரும் பயன்படாது. பள்ளங்கள் அகலமாக இருந்தால்தான் சேறு உதிரும். கிராமத்து வாடிக்கையாளர்களுக்கு இதைத் தனியாகச் சொல்வது நல்லது.

காய்வதற்கு ஒரு சமையலறைத் தராசு போதும். உலர்ந்த செருப்பை எடை போடுங்கள். பத்து நிமிடம் தண்ணீரில் அமுக்கி வைத்து, உதறிவிட்டு மறுபடி எடை போடுங்கள். பிறகு மின்விசிறிக்குக் கீழே வைத்து மணிக்கு ஒருமுறை பாருங்கள். உதாரணத்துக்கு, 240 கிராம் செருப்பு நனைந்ததும் 290 ஆகி, மூன்று மணி நேரத்தில் 245-க்கு வந்தால் கிட்டத்தட்டக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். 270-லேயே நின்றால் பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேலே காய்ந்து உள்ளே ஈரம் இருக்கும். இன்னொன்று, வெயில் நாளில் சோதித்தால் கிடைக்கும் நேரம் மழைநாளுக்குப் பொருந்தாது. மேகமூட்டமான நாளில், வீட்டுக்குள் வைத்துச் சோதித்த நேரத்தையே அறிவிப்பில் போடுங்கள்.

அறிவிப்பு போகும் முன் கிடங்கில் இருக்கும் பழைய சரக்கையும் பாருங்கள். பி.யூ. சோல் வருடக்கணக்கில் கிடந்தால், காற்றின் ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதையும். வெளியே புதிதாகத் தெரியும், நடந்தால் மாவாக உதிரும். இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் அந்த ஜோடியை விற்க வேண்டாம்.

இனி நேரம். வானிலை முன்னறிவிப்பை வைத்து அனுப்ப வேண்டாம். நம் பக்கம் கோடையில் பெய்வது இடிமழை. ஓசூரில் கொட்டும், கிருஷ்ணகிரியில் தூறல்கூட இருக்காது. மழையே காணாத ஊத்தங்கரைக்காரர் ‘மழை வந்துவிட்டது’ என்ற செய்தியைப் பார்த்தால் அடுத்த செய்தியைத் திறக்கமாட்டார். அதனால் எண்களை இப்போதே ஊர் வாரியாகப் பிரித்து வையுங்கள்: கிருஷ்ணகிரி நகரம், காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரை என்று. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் இருக்கலாம், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். கடைக்கு வருகிறவர்களிடம் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

அந்தந்த ஊரில் தெருவில் தண்ணீர் ஓடும் அளவுக்கு அரை மணி நேரம் பெய்ததா என்று தெரிந்த ஒருவரிடம் போனில் கேளுங்கள். பெய்திருந்தால், மழை விட்ட பிறகு அன்று இரவு ஒன்பது மணிக்குள் அனுப்பிவிடுங்கள். நனைந்த செருப்பு வாசலில் கிடக்கும், காலையில் எதைப் போட்டுப் போவது என்று யோசிக்கும் நேரம் அது. கொட்டும்போதே அனுப்பினால் மின்சாரம் போன வீட்டிலும் வண்டியில் நனைகிறவரிடமும் செய்தி வீணாகும். மழை நள்ளிரவுவரை நீடித்தால் காலை ஏழு மணிக்கு அனுப்புங்கள்.

வாசகம் சிறியதாக இருக்கட்டும். நீளமானால் பாதி மறைந்து ‘மேலும் படிக்க’ என்று நின்றுவிடும். மாதிரிக்கு ஒன்று:

“காவேரிப்பட்டணத்தில் இன்று நல்ல மழை. ஈரக் கிரானைட் படியில் தேய்ந்த செருப்பை விட நன்றாகப் பிடிக்கும் ரப்பர் சோல் சாண்டல் நம் கடையில் இருக்கிறது. நனைந்தால் மின்விசிறிக் காற்றில் மூன்று மணி நேரத்தில் காய்கிறது, நாங்களே சோதித்துப் பார்த்தோம். பாசி பிடித்த இடத்தில் எந்தச் செருப்பானாலும் கவனம். ஆண், பெண் அளவு 5 முதல் 10 வரை. நாளை காலை 9 மணிக்குக் கடை திறக்கும். ஈரக் கல்லில் நின்று பார்த்து வாங்கலாம்.”

மூன்று மணி நேரம் என்ற இடத்தில் உங்கள் சோதனையில் வந்த எண்ணைப் போடுங்கள். விலையையும் சேருங்கள், இல்லையென்றால் அதைக் கேட்டே நாற்பது போன் வரும். கடைசி வாக்கியத்தை எழுதினால், நனைத்த கிரானைட் பலகை ஒன்று மறுநாள் கடை வாசலில் இருந்தாக வேண்டும், நிற்பவர் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கைப்பிடியோடு.