தூக்கம் குறைந்த நாளில் நகரும் ஸ்டாப் லாஸ்

மதிப்பிற்குரிய ஐயா,

இரண்டு ஆண்டுகளாக டிரேடிங் செய்து வருகிறேன். சில மாதங்களாக ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்க முடிவதில்லை. ஆனால் சோர்வாக உணரவில்லை. சார்ட்டும் தெளிவாகவே தெரிகிறது. இருந்தும் ஸ்டாப் லாஸைத் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் பெரிய நஷ்டத்தில் வெளியேறுகிறேன். இது மன உறுதிக் குறைவா, அல்லது தூக்கத்துக்கும் இதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

சோர்வை உணராதது பற்றி முதலில் பேசிவிடுகிறேன், ஏனெனில் மற்றவை அதையே சார்ந்திருக்கின்றன. 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள சிலரை இரண்டு வாரங்களுக்கு இரவில் ஆறு மணி நேரம் மட்டுமே படுக்க அனுமதித்தார்கள். திரையில் குறி தோன்றியதும் பொத்தானை அழுத்தும் எளிய கவனச் சோதனையில் அவர்களுடைய தவறுகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போய், முடிவில் ஓர் இரவு முழுவதும் கண்விழித்தவரின் நிலையை எட்டின. ஆனால் தூக்கக் கலக்கம் எவ்வளவு என்று கேட்டபோது அவர்கள் சொன்ன அளவு முதல் சில நாட்களில் உயர்ந்து, அதன் பிறகு பெரிதாக மாறவில்லை. குறைந்த தூக்கம் பழகிவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். பழகியது அந்த உணர்வு மட்டுமே. ஆகவே இந்த விஷயத்தில் உங்கள் உணர்வைச் சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சார்ட் தெளிவாகத் தெரிகிறது என்பதை நான் நம்புகிறேன். இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்திலிருந்து 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குப் பொருத்தமானது. 36 மணி நேரம் தூங்காதவர்களுக்கு இரண்டு வேலைகள் தரப்பட்டன. ஒரு கட்டுரையைப் படித்து அதிலுள்ள தர்க்கத்தைச் சீர்தூக்கும் வேலையை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். ஆனால் நிலவரம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு சந்தை விளையாட்டில், புதிய தகவல் வந்த பிறகும் பழைய முடிவையே பிடித்துக்கொண்டு தோற்றார்கள். உங்கள் ஆறு மணி நேரத் தூக்கத்தை அந்த 36 மணி நேர விழிப்போடு ஒன்றாக வைக்க மாட்டேன். ஆனால் எந்தத் திறன் முதலில் தடுமாறுகிறது என்பதை அது காட்டுகிறது. கேண்டிலையும் வால்யூமையும் பார்க்கும் திறன் இருக்கிறது. பார்த்ததை வைத்து ஏற்கெனவே எடுத்த முடிவைக் கைவிடும் திறனே தளர்கிறது.

இதை ஒரு டிரேடில் வைத்துப் பார்ப்போம். கணக்கில் 5,00,000 இருக்கிறது, ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 5,000 மட்டுமே இழக்கலாம் என்பது விதி என்று கொள்வோம். பதினைந்து நிமிட சார்ட்டில் 250-இல் வாங்குகிறீர்கள், ஸ்டாப் 245. இடைவெளி 5 புள்ளிகள் என்பதால் 1,000 பங்குகள். விலை 246-க்கு இறங்குகிறது. முந்தைய தாழ்வுக்குக் கீழே, வழக்கத்தைவிட அதிக வால்யூமுடன் ஒரு கேண்டில் முடிகிறது. நன்றாகத் தூங்கிய நாளில் அந்தக் கேண்டிலை ‘நான் வாங்கிய காரணம் இப்போது இல்லை’ என்று படிப்பீர்கள். களைத்த நாளிலும் அதே கேண்டிலைத்தான் பார்க்கிறீர்கள், ஆனால் கை ஐந்து நிமிட சார்ட்டுக்குப் போகிறது. அங்கே நீண்ட கீழ்வாலுடன் ஒரு சிறு கேண்டில் இருக்கிறது, அது சப்போர்ட் ஆகிவிடுகிறது. 246-இல் இன்னும் 1,000 பங்குகளை வாங்கி ஆவரேஜ் செய்கிறீர்கள். ஸ்டாப் 240-க்கு நகர்கிறது. இப்போது சராசரி விலை 248, பங்குகள் 2,000. 240-இல் வெளியேறும்போது நஷ்டம் 16,000, கணக்கில் 3.2 சதவீதம். ஒரு வெற்றிக்கு 7,500 என்பது உங்கள் இலக்கானால், இரண்டு முழு வெற்றிகளாலும் இதை ஈடுகட்ட முடியாது.

இதில் எந்த ஒரு படியும் அந்த நேரத்தில் முட்டாள்தனமாகத் தோன்றியிருக்காது, ஒவ்வொன்றுக்கும் சார்ட்டில் ஒரு காரணம் இருந்தது என்பதுதான் என்னை வருத்துகிறது. அடையாளம் காண ஒரே வழி வரிசையைக் கவனிப்பது: என்ட்ரிக்குப் பிறகு டைம் ஃப்ரேம் மாறியிருந்தால், அதற்குப் பிறகு புதிய காரணம் பிறந்திருந்தால், அது விலையைப் படித்ததாகாது, பொசிஷனைக் காப்பாற்றத் தேடியதாகும். ரிஸ்க் எடுக்கும் மனமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. சிங்கப்பூரில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓர் இரவு தூக்கமிழந்தவர்கள் பணத்தைக் கொண்டு முடிவெடுக்கும்போது இழப்பைக் குறைக்கும் தேர்வுகளிலிருந்து விலகி, பெரிய லாபத்தைக் கூட்டும் தேர்வுகளின் பக்கம் சாய்ந்தார்கள். ஆவரேஜ் செய்யும் விரல் அந்தப் பக்கம் சாய்ந்த விரல்.

மன உறுதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மன உறுதியைப் பயன்படுத்தப் பயன்படுத்த அது தீர்ந்துபோகிறது என்ற கருத்து பரவலானது, ஆனால் அதன் அடித்தளம் உறுதியாக இல்லை. 2016-இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் சேர்ந்து அதைச் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய இல்லை என்றே வந்தது. அதனால் உங்கள் விதிகளை அதன் மேல் கட்ட மாட்டேன். முடிவுகளைக் குறைக்கச் சொல்வதற்கு எனக்கு இன்னும் எளிய காரணம் இருக்கிறது: திரையின் முன் எடுக்கும் ஒவ்வொரு முடிவும், தளர்ந்துள்ள அந்தத் திறனையே மறுபடியும் நம்பி எடுக்கப்படுகிறது.

எனவே முடிவை என்ட்ரிக்கு முன்பே முடித்துவிடுங்கள். வாங்கும் ஆர்டரோடு ஸ்டாப் ஆர்டரும் புரோக்கரிடம் போய்விட வேண்டும். மனதில் வைத்திருக்கும் ஸ்டாப், ஸ்டாப் ஆகாது. அதை லாபத்தின் பக்கம் நகர்த்தலாம், எதிர்ப்பக்கம் நகர்த்தக் கூடாது. ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கிய நாளில் ரிஸ்க் 1 சதவீதத்துக்குப் பதில் அரை சதவீதம், ஆவரேஜ் கிடையாது, இரண்டு ஸ்டாப் அடித்தால் அன்றைய டிரேடிங் முடிந்தது. வாங்கும் அளவைச் சந்தை திறக்கும் முன்பே எழுதிவிடுங்கள், ஏனெனில் விலை ஓடத் தொடங்கிய பிறகு ‘இன்று பரவாயில்லை’ என்று சொல்லப்போவது அதே களைத்த மூளைதான். இடைவெளி விட்டு விலை தாவித் திறந்தால் ஸ்டாப் ஆர்டரும் குறித்த விலையில் காப்பாற்றாது. சிறிய அளவே அதற்குத் துணை. காபி விழிப்பைத் தரும், ஆனால் உட்கொண்ட காஃபீனில் பாதி உடலிலிருந்து நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பிற்பகலில் குடித்தது அன்றிரவுத் தூக்கத்தையும் எடுத்துக்கொள்ளும்.

மன அழுத்தம் இங்கேதான் நுழைகிறது: பெரிய நஷ்டத்தின் இரவில் தூக்கம் வராது, மறுநாள் அதை மீட்கும் எண்ணத்தோடு உட்காருவீர்கள். அத்தகைய நஷ்டத்துக்கு மறுநாளை, எத்தனை மணி நேரம் தூங்கியிருந்தாலும், அரை ரிஸ்க் நாளாகவே எண்ணுங்கள்.

உங்கள் டிரேடிங் குறிப்பேட்டில் இரண்டு கட்டங்களைச் சேருங்கள்: முந்தைய இரவு தூங்கிய மணி நேரம், ஸ்டாப் நகர்த்தப்பட்டதா இல்லையா. ஐம்பது, அறுபது டிரேடுகள் சேர்ந்ததும், ஏழு மணி நேரமும் அதற்கு மேலும் தூங்கிய நாட்களைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் பிரித்து, ஸ்டாப் நகர்ந்த டிரேடுகள் எந்தப் பக்கம் குவிகின்றன என்று எண்ணுங்கள். இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் இருந்தால் உங்கள் சிக்கல் தூக்கத்தில் இல்லை, அளவிலோ முறையிலோ இருக்கிறது. அப்போது அந்தக் குறிப்புகளோடு மீண்டும் எழுதுங்கள், அதைப் பார்ப்போம்.