விளம்பரத்தில் எது வேலை செய்தது என்று டேக் போட்டுக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் சத்துமாவு பிராண்டுக்கு மெட்டாவில் நிறைய விளம்பரம் ஓடுகிறது. தீம், ஹுக், ஃபார்மட் என்று டேக் போட்டு வைத்தால் எது விற்பனை தருகிறது என்று தெரியும் என்கிறார்கள். எப்படிச் செய்வது? அந்த எண்ணிக்கையை நம்பலாமா?

பதில்:

செய்வது சுலபம். நம்புவதற்கு முன்னால் இரண்டு இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். நான் பல சிறு பிராண்டுகளுக்கு இந்த வேலையைச் செய்து வருகிறேன். உங்கள் சத்துமாவையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

டேக் என்பதை விளம்பரத்தின் பெயரிலேயே வைத்துவிடுங்கள். தனி ஷீட்டில் எழுதி வைத்தால் இரண்டு வாரத்தில் எந்த வரி எந்த விளம்பரத்துக்கு என்று குழம்பிவிடும். பெயரில் இருந்தால் ஆட்ஸ் மேனேஜரிலிருந்து ரிப்போர்ட்டை இறக்கும்போது கூடவே வந்துவிடும். பொருள், தீம், ஹுக், ஃபார்மட், வரிசை எண் என்ற ஒரே வரிசையில், அடிக்கோடு போட்டுப் பிரித்து எழுதுங்கள். கூகுள் ஷீட்டில் பெயர் A பத்தியில் இருந்தால் ஒரு ஃபார்முலாவில் தனித்தனிப் பத்தியாக உடைந்துவிடும்:

```
sathumaavu_edai_kelvi_ugc_07
=SPLIT(A2,"_")
```

இதில் தீம் என்பது எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது: குழந்தையின் எடை, காலையில் நேரமில்லை, கலப்படமில்லை. ஹுக் என்பது முதல் மூன்று நொடி எப்படித் தொடங்குகிறது என்பது: அம்மாவிடம் ஒரு கேள்வி, விலைச் சலுகை, கேழ்வரகு வறுபடுவதை நெருக்கத்தில் காட்டுவது. ஃபார்மட் என்பது வடிவம்: வாடிக்கையாளரே போனில் எடுத்த வீடியோ, ஸ்டுடியோ வீடியோ, படம், கரோசல். ஒவ்வொன்றிலும் நான்கைந்து மதிப்புக்கு மேல் வைக்காதீர்கள். இருபது வகை ஹுக் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விளம்பரம்தான் தேறும், அதில் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. அப்புறம், உங்கள் குழுவில் இரண்டு பேரைப் பழைய விளம்பரங்களில் கொஞ்சத்துக்குத் தனித்தனியாக டேக் போடச் சொல்லுங்கள். ஒருவர் 'கேள்வி' என்றதை இன்னொருவர் 'பிரச்சினை' என்று போட்டிருந்தால், விளக்கம் தெளிவாக இல்லை என்று அர்த்தம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எந்த டேக்கை எந்த அளவால் பார்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஹுக்கின் வேலை விரலை நிறுத்துவது. அதனால் வீடியோவில் மூன்று நொடி பார்த்த எண்ணிக்கையை இம்ப்ரெஷனால் வகுத்துப் பாருங்கள். தீமின் வேலை வாங்க வைப்பது, அதை ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவில் பாருங்கள். ஹுக் நன்றாக நிறுத்துகிறது, ஆர்டர் மட்டும் வரவில்லை என்றால், தொடக்கம் இழுத்து வரும் கூட்டத்துக்கும் பின்னால் சொல்லும் விஷயத்துக்கும் சம்பந்தமில்லை என்று சந்தேகிக்கலாம்.

சரி, இப்போது கணக்கு. டேக் வாரியாகக் கூட்டும்போது ஒவ்வொரு விளம்பரத்தின் 'ஆர்டர் செலவு' எண்களை எடுத்துச் சராசரி போடாதீர்கள். ஐந்நூறு ரூபாய் ஓடிய விளம்பரமும் ஐம்பதாயிரம் ஓடியதும் அதில் ஒரே கனமாகிவிடும். மொத்தச் செலவைக் கூட்டுங்கள், மொத்த ஆர்டரைக் கூட்டுங்கள், பிறகு வகுங்கள்.

புரிவதற்காக எண்களை நானே வைக்கிறேன். சலுகை ஹுக்குக்கு ₹60,000 செலவு, 300 ஆர்டர், அதாவது ஆர்டருக்கு ₹200. கேள்வி ஹுக்குக்கும் ₹60,000 செலவு, 200 ஆர்டர், ஆர்டருக்கு ₹300. பார்த்தவுடன் "இனி சலுகையில்தான் தொடங்க வேண்டும்" என்று முடிவெடுப்பார்கள். இங்கேதான் முதல் சோதனை: இதே எண்களை யாருக்குக் காட்டியது என்று பிரியுங்கள்.

சலுகை விளம்பரத்தில் ₹40,000 ஏற்கெனவே உங்கள் தளத்துக்கு வந்து போனவர்களுக்குச் செலவாகியிருக்கிறது, அதில் 260 ஆர்டர். புதியவர்களுக்குப் போனது ₹20,000, அதில் 40 ஆர்டர். ஆக, பழையவர்களிடம் ஆர்டருக்கு சுமார் ₹154, புதியவர்களிடம் ₹500. கேள்வி ஹுக்கில் பழையவர்களுக்கு ₹9,000 மட்டும், 60 ஆர்டர், ஆர்டருக்கு ₹150. புதியவர்களுக்கு ₹51,000, 140 ஆர்டர், சுமார் ₹364. இரண்டு கூட்டத்திலும் கேள்வி ஹுக்தான் மலிவு! மொத்தத்தில் தோற்றது போலத் தெரிந்ததற்குக் காரணம், சலுகைப் பணத்தின் பெரும்பகுதி எப்படியும் வாங்கக்கூடியவர்களிடம் போனதுதான். சலுகை விளம்பரங்களை ரீடார்கெட்டிங்கில், அதாவது ஏற்கெனவே வந்து போனவர்களுக்கு, போடுவது பலரின் வழக்கம், அதனால் இந்தத் திரிபு அடிக்கடி வரும்.

இதோடு நிறுத்திக் கேள்வி ஹுக்குக்குக் கொடி பிடிக்கவும் வேண்டாம். இரண்டாவது சோதனை: அந்த டேக்குக்குள் எத்தனை விளம்பரம் பாரம் சுமக்கிறது? புதியவர்களிடமிருந்து வந்த 140 ஆர்டரில் 110 ஒரே விளம்பரத்திலிருந்து, ₹36,000 செலவில் வந்தது என்று வையுங்கள். அதை எடுத்துவிட்டால் மிச்சம் ₹15,000, 30 ஆர்டர், ஆர்டருக்கு ₹500. சலுகைக்கும் அதே ₹500. அப்படியென்றால் ஜெயித்தது கேள்வி ஹுக் என்று சொல்ல முடியாது, அந்த ஒரு விளம்பரம். அதில் பேசிய பாட்டியின் முகமாக இருக்கலாம், தீமாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். மெட்டாவின் இயந்திரம் ஆரம்பத்தில் நன்றாக ஓடும் விளம்பரத்துக்கே பணத்தைத் தள்ளும், அதனால் இப்படி ஒன்றின் மேல் குவிவது விதிவிலக்கே இல்லை. ஒவ்வொரு டேக்கிலும் முதலிடத்தில் இருப்பதை நீக்கிவிட்டு ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் நிற்கிற வித்தியாசத்தைத்தான் நான் பொருட்படுத்துவேன்.

சின்ன எண்ணிக்கையில் ஆட்டம் எவ்வளவு இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்டர் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு மேலும் கீழும் தற்செயலாகவே ஆடும். 30 ஆர்டர் என்றால் ஐந்தாறு இப்படி அப்படி இருக்கும். ஒரே செலவில் ஒன்று 30, இன்னொன்று 37 என்று வந்தால் அது வித்தியாசமே இல்லை.

டேக் ஷீட் தருவது அடுத்து எதைச் சோதிக்கலாம் என்ற துப்பு. உண்மையைச் சோதனையில்தான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன நிலையில் நான் செய்வது: அந்தப் பாட்டி வீடியோவை எடுத்து, நான்காம் நொடியிலிருந்து ஒரு ஃப்ரேம்கூட மாற்றாமல், முதல் மூன்று நொடியை மட்டும் இரண்டு விதமாக வெட்டுவேன். ஒன்று கேள்வி, இன்னொன்று சலுகை. எழுத்து, பட்டன், லேண்டிங் பேஜ் எல்லாம் ஒன்றே. ஆட்ஸ் மேனேஜரில் உள்ள ஏ/பி டெஸ்டில் போட்டால் ஒரே ஆளுக்கு இரண்டும் போகாமல் கூட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும், செலவும் ஒன்றிலேயே குவியாது. ஏற்கெனவே வந்தவர்களை விலக்கிவிடுங்கள். அட்வான்டேஜ் பிளஸில் படத்தையும் எழுத்தையும் தானாக மாற்றும் வசதிகளை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் டேக் போட்டது ஒன்று, ஆட்கள் பார்ப்பது வேறொன்று.

பணம் எவ்வளவு வேண்டும் என்றால், புதியவரிடம் ஆர்டருக்கு ₹400 என்று வைத்தால் பக்கத்துக்கு 50 ஆர்டருக்கு ₹20,000, இரண்டுக்கும் சேர்த்து ₹40,000. 50-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசத்தை இது காட்டிவிடும், 50-க்கும் 58-க்கும் உள்ளதைக் காட்டாது. உங்கள் மாத பட்ஜெட் இதைத் தாங்காது என்றால் ஆர்டருக்குப் பதிலாகக் கார்ட்டில் சேர்த்த எண்ணிக்கையை அளவாக வைத்து ஓட்டுங்கள். அது ஆர்டரைவிட அதிகமாக வருவதால் குறைந்த செலவில் விடை கிடைக்கும். வித்தியாசம் பெரிதாக வந்தால், வேறு தீம் உள்ள இன்னொரு வீடியோவிலும் அதே இரண்டு தொடக்கத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஷூட்டிங்குக்குப் பணம் போடுங்கள்.