ஆடிட் செக்லிஸ்ட்டைச் சமையலறைத் தமிழாக்குவது

"உணவுப் பாதுகாப்பு ஆடிட் செக்லிஸ்ட்டை அப்படியே தமிழாக்கிச் சமையலறையில் ஒட்டினேன். எல்லாக் கட்டத்திலும் டிக் விழுகிறது, வேலை மட்டும் மாறவில்லை" என்று சொல்பவர்களுக்கு இது.

செக்லிஸ்ட்டில் இருப்பது ஆடிட்டர் கேட்கும் கேள்வி. ஊழியருக்கு வேண்டியது யார், எப்போது, என்ன செய்வது என்பது. ஒரு வரியை மட்டும் மாற்றிக் காட்டுகிறேன்.

"குளிர்சாதன வெப்பநிலை கண்காணிக்கப்படுகிறதா?" என்பதை இப்படி எழுதுங்கள்: "காலையில் கடை திறப்பவர், ஃப்ரிட்ஜிலிருந்து எதையும் எடுப்பதற்கு முன், நடுத்தட்டில் தண்ணீர் டம்ளருக்குள் இருக்கும் தெர்மாமீட்டரைப் பார்க்கவும். தெரியும் எண்ணை எழுதவும். 5 டிகிரிக்கு மேல் இருந்தால் கதவை மூடி வைத்து, அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கவும். அப்போதும் 5 டிகிரிக்கு மேலேயே இருந்தால் உணவை வேறு ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, பொறுப்பாளரைக் கூப்பிடவும். எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று தெரியாவிட்டால், அவர் சொல்லும்வரை அந்த உணவைப் பரிமாற வேண்டாம்."

டம்ளர் எதற்கு என்றால், கதவைத் திறந்ததும் காற்றின் சூடு சட்டென ஏறிவிடும். தண்ணீர் மெதுவாகத்தான் மாறும், அதனால் உணவின் நிலைக்கு நெருக்கமான எண் கிடைக்கும்.

அப்புறம், டிக் கட்டத்தை எடுத்துவிட்டு எண்ணுக்கும் நேரத்துக்கும் இடம் விடுங்கள். நான் முதலில் போட்ட தாளில் மாதம் முழுக்க 4, 4, 4 என்றே இருந்தது, ஒரே பேனா, ஒரே சாய்வு. உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறார்கள்! இப்போது தாளை ஃப்ரிட்ஜ் கதவிலேயே மாட்டி, மாலையில் ஒருமுறை நானே தெர்மாமீட்டரோடு ஒப்பிடுகிறேன்.

ஒட்டுவதற்கு முன், புதிதாகச் சேர்ந்தவரை வாசிக்கச் சொல்லி, செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் தயங்கி நிற்கும் வரியைத் திருத்துங்கள்.