தங்க ஃபியூச்சர்ஸ் ஃபண்ட்: ரோல் செய்வதால் நஷ்டமா?

"தங்கம் விலை அப்படியே நிற்கிறது, ஆனால் ஃபியூச்சர்ஸ் வைத்திருக்கும் என் ஃபண்ட் இறங்குகிறது. ரோல் செய்வதாலா?"

பாதி சரி. ஃபியூச்சர்ஸ் என்பது தங்கத்தைப் பின்னொரு நாளில், இப்போதே பேசிய விலைக்கு வாங்கும் ஒப்பந்தம். அது முடியும் முன் விற்றுவிட்டு, அடுத்து முடியும் ஒப்பந்தத்தை வாங்குவதுதான் ரோல். ரோல் செய்யும் அன்று ஒன்றும் கரைவதில்லை. பழையதை விற்ற மதிப்புக்கே புதியதை வாங்குகிறார்கள். கரைவது அதற்குப் பிறகு. உடனே வாங்கும் தங்கத்தின் விலை, அதாவது ஸ்பாட் விலை 2000 டாலர், இரண்டு மாதம் தள்ளி முடியும் ஒப்பந்தம் 2015 டாலர் என்று வையுங்கள். ஸ்பாட் அசையாவிட்டாலும், முடிவு நாள் நெருங்க நெருங்க 2015 மெல்ல 2000-க்கு வந்துவிடும். சுமார் 0.75% போச்சு. ஆண்டுக்கு ஆறு முறை இதே கதை என்றால் ஏறக்குறைய 4.5%.

ஆனால் தங்கத்தில் அந்த 15 டாலர் பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்துக்கான வட்டிதான். ஒப்பந்தத்துக்குப் பிணையாகக் கட்டும் மார்ஜினுக்குச் சிறு பகுதி போக, மீதிப் பணத்தை ஃபண்ட் குறுகிய கால அரசுப் பத்திரங்களில் போட்டு வட்டி ஈட்டும். அது ரோல் இழப்பைக் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும். எனவே ஃபண்டின் அறிக்கையில் வட்டி வருமானம் எவ்வளவு என்று பாருங்கள். அந்த வட்டி குறைவாக இருந்தாலோ, நிர்வாகக் கட்டணம் அதை விழுங்கினாலோதான் ஃபண்ட் இப்படிப் பின்தங்கும்.