புள்ளியும் அறிமுகச் சலுகையும்: திருகோணமலை ஒன்லைன் கடைக்காரருக்கான கேள்வி பதில்

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, வட்ஸ்அப்பில் பலசரக்குச் சாமான் விற்கிறோம். புது ஆளைக் கூட்டி வந்தால் இரண்டு பேருக்கும் 200 ரூபாய் குடுக்க யோசிக்கிறம். சரிவருமா?

தங்கச்சி, அறிவிக்க முதல் உங்கள் பழைய பில் ஒன்றை எடுத்து வையுங்கள். 4,000 ரூபாய்ச் சாமானில் 11 சதவீதம் நிற்கிறது என்று வைப்போம், அது 440 ரூபாய். டிலிவரிக்கும் சாமான் போடும் பைக்கும் 140 போனால் மிச்சம் 300. இரண்டு பேருக்கும் 200 கொடுத்தால் முதல் ஓடரிலேயே 100 ரூபாய் கையை விட்டுப் போகிறது. அந்தப் புது ஆள் திரும்பி வராவிட்டால் அது போனதுதான்.

நான் சொல்வது இப்படி. வந்தவருக்கு முதல் ஓடரில் 150 ரூபாய் கழித்துவிடுங்கள். கூட்டி வந்தவருக்குரிய 200 ரூபாயை, வந்தவர் இரண்டாவது ஓடருக்கும் காசு கட்டிச் சாமானைப் பெற்ற பிறகே கொடுங்கள். ஓடருக்கு 80 புள்ளி கொடுக்கிறீர்கள் என்றாலும், இரண்டு ஓடரில் வரும் 600 ரூபாயில் எல்லாம் போக 90 மிஞ்சும். அதைவிடப் பெரிய லாபம், கூட்டி வந்தவரே "அடுத்த மாதமும் அங்கேயே எடு" என்று ஞாபகப்படுத்துவார்.

அதே தங்கை: 80 புள்ளி எண்டது என்ன கணக்கு? எத்தனை சேர்ந்தால் கழிக்க விடுறது?

100 ரூபாய்க்கு 2 புள்ளி, ஒரு புள்ளி ஒரு ரூபாய். 500 புள்ளி சேர்ந்தால்தான் கழிக்கலாம் என்று வைத்தால் 4,000 ரூபாய் வாடிக்கையாளர் ஏழு ஓடர் காத்திருக்க வேண்டும். அதற்குள் மறந்துவிடுவார். 150 என்று வையுங்கள். இரண்டு ஓடரில் 160 சேரும், மூன்றாவது பில்லில் 150 கழியும். ஒருமுறை கழிந்த ருசி தெரிந்தால் பிறகு அவரே மிச்சத்தைக் கேட்பார். ஒவ்வொரு பில்லின் அடியிலும் "உங்கள் புள்ளி 160" என்று எழுதி அனுப்புங்கள். காட்டாத புள்ளி இல்லாத புள்ளிதான். பால்மா, சீனி, ரீலோட் போன்று லாபம் மெல்லிய சாமானுக்குப் புள்ளி வேண்டாம். அதையும் முதலே சொல்லிவிடுங்கள்.

கிண்ணியா துணிக்கடைக்காரர்: எதற்கு இந்தப் புள்ளிச் சிக்கல்? நாங்கள் எல்லாருக்கும் 5 சதவீதம் கழிக்கிறோம். சனம் வருகுது.

எளிமை நல்லது என்பதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் துணியில் உங்களுக்கு நிற்கும் லாபம் வேறு. பலசரக்கில் 4,000க்கு 5 சதவீதம் என்றால் 200 ரூபாய், கையில் மிஞ்சும் 300இல் மூன்றில் இரண்டு பங்கு. அதுவும் ஒருமுறை வந்து போகிறவருக்கும் போய்ச் சேரும். உங்களிடம் பெருநாளுக்குப் பெருநாள் வருகிற ஆளுக்குப் புள்ளி பெரிதாக வேலை செய்யாது, அதனால் உங்களுக்கு உங்கள் முறையே பொருந்தலாம்.

உவர்மலை, ஒரு தம்பி: ஒரே ஆள் மூன்று பெயரில் சலுகை எடுக்கிறார். எப்படிப் பிடிக்கிறது?

பெரும்பாலும் ஒரே இலக்கம் மூன்று விதமாகப் பதியப்பட்டிருக்கும். ஒன்று 0 வைத்து, ஒன்று +94 வைத்து, ஒன்று இடைவெளி விட்டு. சீட்டில் இலக்கம் B நிரலில் இருந்தால் C நிரலில் இதைப் போடுங்கள்:

```
=RIGHT(SUBSTITUTE(B2," ",""),9)
```

இலக்கத்தின் கடைசி ஒன்பது எண் மட்டும் மிஞ்சும். C நிரலில் ஒரே எண் இரண்டு தரம் வந்தால் ஆள் ஒன்றுதான். வேறு சிம்மில் வருபவரை இது பிடிக்காது, அதற்கு டிலிவரி முகவரியைப் பாருங்கள். ஆனால் ஒரே வளவில் அக்காவும் தம்பியும் தனித்தனிச் சமையல் வைத்திருக்கலாம். முகவரி ஒன்று என்று உடனே மறுக்காமல் டிலிவரிப் பொடியனிடம் கேளுங்கள், அவனுக்கு வீடு தெரியும்.

திருக்கடலூர் அம்மா: தம்பி, ஒரு சூப்பர் மார்க்கட்டில் சேர்த்த என்ரை புள்ளி முடிஞ்சுபோச்சாம். எப்பிடித் திருப்பி எடுக்கிறது?

அம்மா, அதை அந்தக் கடையில்தான் கேட்க வேண்டும். என் கையில் இல்லை. ஆனால் நீங்கள் சொன்னது கடைக்காரர் எல்லாரும் கேட்க வேண்டியது. டிசம்பர் 31 உடன் புள்ளி முடியும் என்று வைத்தால், மாரி காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் கை வற்றியிருக்கும் குடும்பத்தின் புள்ளிதான் முதலில் போகும். கடைசியாக வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் என்று வையுங்கள். முடிய இரண்டு கிழமைக்கு முன் ஒரு செய்தி அனுப்புங்கள். கொடுத்த புள்ளி கடைக்குக் கடன் என்பதால் காலம் வைக்கத்தான் வேண்டும், ஆனால் ஆள் வாங்காமல் விட்டால்தான் அது முடிய வேண்டும்.

நிலாவெளியிலிருந்து: கனடாவில் இருக்கிற மகன் காசு கட்டுறார், சாமான் இங்கே தாய்க்குப் போகுது. புள்ளி யாருக்கு?

நான் தாயின் இலக்கத்துக்கே போடுவேன், அடுத்த முறை எந்தக் கடையில் சொல்வது என்று தீர்மானிப்பவர் அவர்தான். ஆனால் மகனுக்குப் போட்டால் அவர் இன்னும் நாலு நண்பர்களுக்குச் சொல்வார் என்று வேறொரு கடைக்காரர் வாதிக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புள்ளியைத் தாய்க்கும் அறிமுகச் சலுகையை மகனுக்கும் பிரித்துச் சில மாதம் பார்க்கலாம். மகனுக்குரிய 200 ரூபாயையும் தாயின் அடுத்த பில்லிலேயே கழியுங்கள்.