ஜரதுஷ்டிரரின் காலமும் காதைகளின் மொழியும்

அன்புள்ள ஐயா,

சொராஷ்டிர சமயத்தை நிறுவிய ஜரதுஷ்டிரர் பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டினர் என்று ஒரு நூலில் படித்தேன். இன்னொரு நூல் அவரைப் பொ.ஆ.மு. 1200க்கும் முன்னால் வைக்கிறது. அவர் பாடிய காதைகள் இன்றும் உள்ளன, மொழியும் மிகத் தொன்மையானது என்கிறார்கள். பிறகு ஏன் இந்த 600 ஆண்டு இழுபறி?

மாலதி

அன்புள்ள மாலதி,

மொழி முன்பின் வரிசையைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

காதைகள் அடங்கிய வழிபாட்டு நூலான யஸ்னாவின் 44ஆம் பகுதியில் ஏறக்குறைய எல்லாப் பாடல்களும் 'தத் த்வா பெரெசா' என்றே தொடங்குகின்றன. 'இதை உன்னிடம் கேட்கிறேன்' என்று பொருள். ரிக்வேதத்தின் முதல் மண்டலத்தில் 'ப்ருச்சாமி த்வா' என்று வருகிறது. அதே வினை, அதே 'உன்னை'. ஆனால் வேதமொழி 'மி' என்ற விகுதியைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டது. காதை அதற்கும் முந்தைய வடிவத்தை வைத்திருக்கிறது. காற்றைக் குறிக்கும் 'வாத' என்ற சொல்லை காதையின் யாப்பு மூன்று அசையாக எண்ணுகிறது. ரிக்வேதத்திலும் சில இடங்களில் அப்படித்தான்.

இதை வைத்து, ரிக்வேதக் காலத்தை ஒட்டியே ஜரதுஷ்டிரரையும் வைக்க வேண்டும் என்று சொராஷ்டிர ஆய்வாளர் மேரி பாய்ஸ் வாதிட்டார். எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. ரிக்வேதத்தின் காலமே ஊகம்தான். ஓர் ஊகத்தில் இன்னொன்றைக் கட்டுகிறோம். மொழிகள் ஒரே வேகத்தில் மாறுவதுமில்லை. ஒதுங்கிய கிழக்கு ஈரானில் பழைய வழக்கு நீடித்திருக்கலாம், பூசகர் மரபு பழைய நடையிலேயே புதிய பாடல் கட்டியிருக்கலாம்.

6ஆம் நூற்றாண்டு என்ற கணக்கு, 'அலெக்சாந்தருக்கு 258 ஆண்டுகள் முன்' என்ற சொராஷ்டிர மரபிலிருந்து வருகிறது. ஹென்னிங் போன்ற பெரிய அறிஞர்கள் அதை ஏற்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஈரானில் 470 ஆண்டு நீடித்த பார்த்திய ஆட்சியை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கிய மரபு அது. ஜரதுஷ்டிரரை ஆதரித்த அரசர் விஷ்தாஸ்பரும் பாரசீகப் பேரரசர் டேரியஸின் தந்தையும் ஒரே பெயரினர் என்பதைச் சிலர் துணைக்கு அழைத்தார்கள். ஆனால் டேரியஸின் தந்தையினுடைய தந்தை அர்சாமர். சொராஷ்டிர மறைநூலான அவெஸ்தாவின் விஷ்தாஸ்பருக்கோ தந்தை அவுர்வதஸ்பர்.

என்னை முன்காலத்தின் பக்கம் சாய்ப்பது டேரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டு. பொ.ஆ.மு. 520ஐ ஒட்டி வெட்டப்பட்டது. அதன் பழம்பாரசீக மொழியில் நான்காம் வேற்றுமை மறைந்து, ஆறாம் வேற்றுமை அதன் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. காதைகளிலோ எட்டு வேற்றுமைகளும் தனித்தனியே நிற்கின்றன. அவெஸ்தாவுக்குள்ளேயே பிந்தைய பகுதிகளின் மொழி காதையிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டது. அவற்றை இயற்றியவர்களுக்குக் காதைகள் ஏற்கெனவே பழம்பாடல்கள். அந்த இடைவெளிக்குச் சில நூற்றாண்டுகளாவது வேண்டும். ஆகவே பொ.ஆ.மு. 1000ஐ ஒட்டி, இரு பக்கமும் சில தலைமுறைகள் தள்ளி என்று கொள்கிறேன். அதற்குமேல் நுணுக்கமாகச் சொல்ல காதைகள் இடம் தருவதில்லை. அவற்றில் பாரசீகரும் இல்லை, மேதியரும் இல்லை. வெளியுலகம் தேதி குறித்து வைத்திருக்கும் ஓர் அரசன்கூட இல்லை.